பத்து நிமிடம் தருவீர்களா?

“வணக்கம். சிறு தொழில்களின் பணப்புழக்கத்தையே மாற்றப்போகும் புதிய செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். பெரிய கம்பெனிகள் பில் பணத்தை 45 நாட்களுக்குள் தராவிட்டால், சட்டப்படியான வட்டியைக் கணக்கிட்டு எங்கள் செயலி தானாகவே நோட்டீஸ் அனுப்பிவிடும். உங்களைப் போன்ற அனுபவம் மிக்க தொழில்முனைவோரின் மேலான கருத்து எங்களுக்குத் தேவை. 18 பக்க விளக்கம் இணைத்துள்ளோம். உங்களுக்கு வசதியான நேரத்தில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா?”

சொந்தமாகக் கம்பெனி நடத்துகிற யாருடைய போனிலும் இப்படிப்பட்ட செய்தி ஒன்றாவது இருக்கும். ஒரு பொருளைச் செய்ய நினைக்கும் இளைஞர்கள், அதை வாங்கக்கூடியவர் என்று தாங்கள் கருதும் ஒரு நிறுவனரிடம் பத்து நிமிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை. பொருளைச் செய்து முடித்து, கையிலிருந்த பணமும் கரைந்த பிறகு, இது யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்துகொள்வதைவிட, செய்வதற்கு முன்பே பத்துப் பேரிடம் பேசிவிடுவது நல்லது. அமெரிக்காவில் ஸ்டீவ் பிளாங்க் 2005-இல் வெளியிட்ட ‘தி ஃபோர் ஸ்டெப்ஸ் டு தி எபிஃபனி’ என்ற நூல் இந்தப் பழக்கத்தை ஒரு முறையாகவே வகுத்தது. அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது ஊகம் மட்டுமே, உண்மை வெளியே வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

ஆனால் மேலே உள்ள செய்தி உண்மையைக் கொண்டுவராது. பதில் வராமல் போனால் அது சிறிய இழப்பு. “நல்ல ஐடியாதாங்க, பண்ணுங்க” என்று பதில் வந்துவிட்டால் அதுதான் பெரிய இழப்பு. அந்த ஒரு வரியை நம்பி ஆறு மாதம் உழைத்துவிடுவார்கள். எனவே இப்படி ஒரு செய்தியை எப்படி எழுதினால் பதில் வரும், எப்படி எழுதினால் வருகிற பதில் உண்மையாக இருக்கும் என்ற இரண்டையும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் கணக்கு மென்பொருள் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே படித்தது அவர்களுடைய முதல் வரைவு. பெறுபவர், பம்ப் கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு யூனிட்டைத் தொடங்கி நடத்தும் பெண்மணி. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். லேத்தும் சிஎன்சி இயந்திரமும் ஓடும் கூடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்ட சிறிய அறைதான் அவருடைய ஆபீஸ்.

இளைஞர்களின் யோசனை காற்றில் பிறந்ததல்ல. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது அது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருக்க, வட்டியைக் கணக்குப் போட்டு நோட்டீஸ் அனுப்புகிற ஒரு கருவி இருந்தால் போதுமே என்று நினைப்பது இயல்புதான்.

காரணம் என்ற ஒரு சொல்

முதலில் பதில் வருவதைப் பார்ப்போம். முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும் உதவியை மனிதர்கள் எப்போது செய்கிறார்கள்? 1978-இல் எலன் லாங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. நியூயார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகல் எடுக்க வந்தவர்களிடம், ஒருவர் இடையில் வந்து, நான் முதலில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஐந்து பக்கம்தான் என்று மட்டும் சொன்னபோது 60 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். அவசரமாக இருக்கிறேன் என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம். நகல் எடுக்க வேண்டியிருக்கிறது என்று, காரணமே இல்லாத ஒன்றைக் காரணம் போலச் சொன்னபோதும் 93 சதவீதம் பேர் வழிவிட்டார்கள்.

பலரும் இந்த ஆய்வை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அதன் இரண்டாம் பாதி. ஐந்து பக்கத்துக்குப் பதில் இருபது பக்கம் என்று கேட்டபோது, வெற்றுக் காரணம் வேலை செய்யவில்லை. காரணமே சொல்லாதபோது 24 சதவீதம் பேர் வழிவிட்டார்கள். வெற்றுக் காரணத்துக்கும் அதே 24 சதவீதம்தான். அவசரம் என்ற உண்மையான காரணத்துக்கு 42 சதவீதம் பேர் இசைந்தார்கள். சின்ன உதவிக்கு ‘ஏனென்றால்’ என்ற சொல்லின் ஓசையே போதும். பெரிய உதவி என்றால், கேட்பவர் சொல்லும் காரணத்தை எதிரில் இருப்பவர் எடை போட ஆரம்பித்துவிடுகிறார்.

கம்பெனி நடத்துபவருக்குப் பத்து நிமிடம் இருபது பக்கத்துக்குச் சமம். போனை எடுத்துக்கொண்டு இயந்திரச் சத்தத்திலிருந்து தள்ளிப்போக வேண்டும். நடுவில் வரும் ஆளை நிறுத்திவைக்க வேண்டும். பேசி முடித்த பிறகு விட்ட வேலையைத் திரும்பப் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் “உங்களைப் போன்ற அனுபவம் மிக்க தொழில்முனைவோரின் மேலான கருத்து” என்பது வெற்றுக் காரணம். அந்த வரியை ஊரில் உள்ள எந்தக் கம்பெனிக்காரருக்கும் அனுப்பலாம். எவருக்கும் பொருந்துகிற புகழ்ச்சியைப் படிப்பவர், இது ஒரே நேரத்தில் நூறு பேருக்குப் போயிருக்கிறது என்று அந்த நொடியிலேயே புரிந்துகொள்வார்.

உண்மையான காரணம் என்பது, இவரிடம் ஏன் கேட்கிறோம் என்பது. இவர் பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கிறார். பில்லைத் தானே அனுப்பி, பணத்துக்குத் தானே அலைகிறார். கொடிசியா அரங்கில் நடந்த கண்காட்சியில் இவருடைய ஸ்டாலில் அந்த இளைஞர் நின்று பேசியிருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று செய்தியின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அறிவிப்பாகத் தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான். திறப்பதா, தள்ளிவிடுவதா என்று முடிவு செய்ய அந்த வரிகளே போதுமாகிவிடுகின்றன.

எழுத்தில் கேட்பதற்கு ஒரு குறையும் உண்டு. அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 2008-இல் பிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் என்ற இரு ஆய்வாளர்கள், அறிமுகமில்லாதவர்களிடம் நேரில் போய்ப் படிவம் நிரப்பித் தரக் கேட்கச் சொல்லி மாணவர்களை அனுப்பினார்கள். ஐந்து பேர் சம்மதிக்க ஏறக்குறைய இருபது பேரிடம் கேட்கவேண்டி வரும் என்று மாணவர்கள் கணித்தார்கள். பத்துப் பேரிடம் கேட்டதுமே ஐந்து கிடைத்தது. உதவி செய்யும் மனம் நாம் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் பின்னாளில் வனெசா போன்ஸ் என்ற பெயரில் அதே லேக், மஹ்தி ரோகனிசாத் என்பவருடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் கேட்டதைவிட நேரில் கேட்டது 34 மடங்கு பலன் தந்தது. அந்த மாணவர்களோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பலிக்கும் என்று எண்ணியிருந்தார்கள். முகம் தெரியாத எழுத்தின் மேல் நம்பிக்கை வருவது அவ்வளவு கடினம்.

ஆகவே பத்துச் செய்தி அனுப்பி ஒன்பதுக்குப் பதில் வராவிட்டால், யோசனை மோசம் என்று அர்த்தமில்லை. எழுதியவர் யார் என்று படித்தவருக்குத் தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். நேரில் ஒருமுறை பார்த்திருந்தால் அதைச் சொல்வதும், பொதுவாகத் தெரிந்த ஒருவர் மூலம் போவதும் இந்த இடைவெளியைக் குறைக்கும்.

யோசனையைச் சொன்னால் என்ன ஆகும்?

இப்போது உண்மையான பதிலுக்கு வருவோம். முதல் வரைவில் பெரிய கோளாறு புகழ்ச்சி அல்ல. நோட்டீஸ் அனுப்பும் செயலி என்று யோசனையை முழுதாகச் சொல்லிவிட்டதுதான்.

முன்பின் தெரியாத ஒரு பிள்ளை ஆசையோடு வந்து, நான் இதைச் செய்யப்போகிறேன், எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம் ஊரில் யார்தான் நன்றாக இல்லை என்று சொல்வார்கள்? முகத்தை முறிக்கக் கூடாது என்பது நமக்கு ஊட்டி வளர்க்கப்பட்ட பண்பு. அந்தப் பெண்மணியும் “நல்ல ஐடியாதாங்க தம்பி” என்பார். அதில் பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லை. அவர் மதிப்பெண் போட்டது யோசனைக்கு அல்ல, கேட்டவருடைய முயற்சிக்கு.

ராப் ஃபிட்ஸ்பேட்ரிக் 2013-இல் எழுதிய ‘தி மாம் டெஸ்ட்’ என்ற சிறு நூல் முழுக்க இந்த ஒரு சிக்கலைப் பற்றியதுதான். உன் யோசனையைச் சொன்னால் உன் அம்மாவே உன்னைப் புண்படுத்தாமல் பேசுவார். அம்மாவால்கூட ஒப்புக்குப் பதில் சொல்ல முடியாதபடி கேள்வி கேட்கப் பழகு என்பது அதன் அடிப்படை. அதற்கு அவர் சொல்லும் வழி எளியது. நம் யோசனையைப் பற்றிப் பேசாமல் அவர் வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டும். இனி என்ன செய்வீர்கள் என்று கேட்காமல், ஏற்கெனவே என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும். இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா என்ற கேள்விக்கு ஆசை பதில் சொல்லும். கடைசியாகப் பணம் தாமதமானபோது என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு நினைவு பதில் சொல்லும்.

இதை அறிந்தவர்கள்கூடப் பேசும்போதுதான் கவனமாக இருக்கிறார்கள். செய்தி எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். உரையாடல் போனில் தொடங்குவதில்லை, செய்தியிலேயே தொடங்கிவிடுகிறது. நோட்டீஸ் அனுப்பும் செயலி என்று படித்துவிட்டுப் போனை எடுப்பவர், பேச்சு முழுவதும் நோட்டீஸைப் பற்றியே யோசிப்பார். அதற்குப் பிறகு எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் அவர் மனத்திலிருந்து அதை எடுக்க முடியாது. செய்திதான் முதல் கேள்வி.

அப்படியானால் யோசனையை மறைக்கலாமா? ஏதோ ஒன்று செய்யும் எண்ணம் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆராய்ச்சி என்று சொல்லி உள்ளே நுழைந்து விற்பனையில் முடிப்பதற்குச் சந்தை ஆய்வுத் துறையில் ‘சகிங்’ என்றே ஒரு பெயர் உண்டு. அத்துறையின் நெறிமுறைகள் அதைத் தடை செய்கின்றன. ஒரு கருவி செய்ய நினைக்கிறோம், இன்னும் செய்யவில்லை, விற்க வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். கருவி என்ன என்பதைக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் கேட்டால் அப்போதே சொல்லிவிடலாம்.

இரண்டாம் வரைவு

இந்தக் கணக்கையெல்லாம் மனத்தில் வைத்து அந்த இளைஞர் மறுபடி எழுதினால் இப்படி வரும்:

“வணக்கம் மேடம். போன மாதம் கொடிசியா கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் இம்பெல்லர் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். நானும் என் நண்பரும் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களுக்கு, பில் அனுப்பிய நாளிலிருந்து பணம் கைக்கு வரும் வரை என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். அதற்கு ஒரு கருவி செய்யும் எண்ணம் இருக்கிறது. இன்னும் எதுவும் செய்யவில்லை, விற்க வரவில்லை. நீங்கள் பில்லை நேரடியாகப் பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன். செவ்வாய் அல்லது புதன் மாலை 5.30-க்குப் போனில் பத்து நிமிடம் பேச முடியுமா? மூன்று கேள்விகள்தான். முடியாவிட்டாலும் பரவாயில்லை மேடம்.”

பின்னிணைப்பு இல்லை. ‘புதுமை’, ‘புரட்சி’ என்ற சொற்கள் இல்லை. பில்கள் தாமதமாவது பற்றி என்று எழுதாமல், பில்லுக்கும் பணத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். தாமதம் என்ற சொல்லே ஒரு பிரச்சினையை அவர் வாயில் ஊட்டிவிடும். அவருக்கு அப்படி ஒரு பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். அதையும் சொல்ல அவருக்கு இடம் வேண்டும்.

பத்து நிமிடம் என்ற அளவும் இப்போது உண்மையாகிவிட்டது. முதல் வரைவில் 18 பக்கம் படிக்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. “உங்களுக்கு வசதியான நேரம்” என்பதும் மரியாதை போலத் தோன்றும் சுமைதான். நேரம் தேடும் வேலையை அது அவர் தலையில் வைக்கிறது. இரண்டு நேரத்தைச் சொன்னால் ‘புதன் ஓகே’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். முடியாவிட்டால் பரவாயில்லை என்ற கடைசி வரிக்கும் வேலை இருக்கிறது. மறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டவர், பேச்சையும் மறுக்க முடியாமல்தான் பேசுவார்.

அனுப்பும் நாளும் முக்கியம். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு கெடு, 20-ஆம் தேதி இன்னொரு கெடு. மாதத் தொடக்கத்தில் சம்பளம். இந்த நாட்களை ஒட்டி அனுப்பினால் செய்தி கீழே இறங்கிப் புதைந்துவிடும். பதில் வராவிட்டால் நான்கைந்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில்.

அந்தப் பத்து நிமிடம்

புதன்கிழமை மாலை பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கேள்விகள் என்று சொன்னால் மூன்றுதான். முதல் கேள்வி ஒரே ஒரு பில்லைப் பற்றியது. பொதுவாக எப்படிப் போகிறது என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

“கடைசியா பணம் வந்த பில் எதுங்க மேடம்? அது எப்ப அனுப்பினது?”

“பொங்கலுக்கு முன்னாடி அனுப்பினதுங்க. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். பணம் வந்தப்ப சித்திரையே பொறந்துருச்சு.”

“நடுவுல என்ன நடந்ததுங்க?”

“ஒன்றரை மாசம் பாத்துட்டு அக்கவுண்ட்ஸ் பையனை விட்டுப் போன் பண்ணச் சொன்னேனுங்க. பில்லே எங்ககிட்ட வரலைன்னாங்க. ஸ்டோர்ஸ்ல கேட்டா, சரக்கு வந்துருச்சு, ஆனா ஜிஆர்என் போடலைங்கறாங்க. என்னன்னு பாத்தா, நம்ம பில்லுல பிஓ நம்பர்ல ஒரு எண்ணு மாறிக் கெடந்திருக்கு. அதுக்காக ஓரமா எடுத்து வெச்சுட்டாங்க. ஒருத்தரும் சொல்லலைங்க.”

ஜிஆர்என் என்பது, சரக்கு வந்து சேர்ந்து சரிபார்க்கப்பட்டது என்று வாங்கும் கம்பெனியின் ஸ்டோர்ஸ் போடும் பதிவு. பிஓ என்பது அவர்கள் கொடுத்த ஆர்டரின் எண். இரண்டும் பொருந்தினால்தான் பில் கணக்குப் பிரிவுக்கே போகும். அதுவரை அந்தக் கம்பெனியின் கணினியில் அப்படி ஒரு கடன் இருப்பதாகவே பதிவாகாது.

“பணம் சீக்கிரம் வர வேற என்னெல்லாம் செஞ்சு பாத்தீங்க மேடம்?”

“ஆடிட்டர் சொன்னாருங்க, சட்டப்படி வட்டியே கேக்கலாம்னு. கேட்டா அடுத்த ஆர்டரு வருமுங்களா? நம்ம வேலையில பாதி அவங்களுதுங்க தம்பி. அதெல்லாம் வேண்டாம்னு, அந்தப் பையனையே பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா நேர்ல போய் ஸ்டோர்ஸ்ல பாத்துட்டு வரச் சொல்லிட்டேன்.”

இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். நோட்டீஸ் என்ற சொல்லை இளைஞர் உச்சரிக்கவே இல்லை. ஆனால் நோட்டீஸ் செயலிக்கு இந்த யூனிட்டில் இடமில்லை என்பது தெளிவாகிவிட்டது. சட்டம் அவருக்குத் தெரியும். அதன் வலுவும் தெரியும். வருமானத்தில் பாதியைத் தருகிற ஒருவர்மேல் அந்த வலுவைக் காட்ட அவர் தயாராக இல்லை. முதல் வரைவை அனுப்பியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. “நல்ல ஐடியாதாங்க” என்பதோடு முடிந்திருக்கும்.

இன்னொன்றும் வெளியே வந்தது. தாமதத்தின் வேர், பணம் தர மனமில்லாமை அல்ல. இந்த ஒரு பில்லில் அது ஒரு எண் பிழை. அதைச் சரிசெய்ய அவர் ஏற்கெனவே செலவு செய்துகொண்டிருக்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓர் ஆள் அரை நாளை விட்டுவிட்டு, பெட்ரோல் போட்டு, வண்டியில் போய்வருகிறார். ஒருவர் தானாகவே காசும் ஆளும் போட்டு ஒட்டுவேலை பார்க்கும் இடத்தில்தான் உண்மையான தேவை இருக்கிறது. பில் அனுப்புமுன் பிஓ எண்ணைச் சரிபார்ப்பது, அனுப்பிய முதல் வாரத்திலேயே ஜிஆர்என் விழுந்ததா என்று கண்டுபிடிப்பது என்ற வேறொரு கருவியின் உருவம் இங்கே தெரியத் தொடங்குகிறது.

ஒன்பதாவது நிமிடத்தில் அந்த இளைஞர், “பத்து நிமிஷம் ஆகப்போகுதுங்க மேடம்” என்று சொல்ல வேண்டும். பேச்சு சுவையாகப் போகும்போது இதைச் சொல்வது கடினம்தான். ஆனால் வாக்குக் கொடுத்த அளவு அது. அவரே “பரவாயில்ல, சொல்லுங்க” என்று நீட்டினால் நீளட்டும். நீட்டும் உரிமை அவருடையது.

பேச்சு முடிந்த கையோடு, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். ‘பணம் வருவதில் சிக்கல்’ என்று சுருக்கி எழுதினால் இரண்டு நாளில் அது நோட்டீஸ் யோசனைக்குச் சாதகமாகத் தெரிய ஆரம்பிக்கும். ‘ஒருத்தரும் சொல்லலைங்க’ என்று எழுதி வைத்தால் அது எங்கும் வளைந்து கொடுக்காது.

எதை அறிய முடியாது

ஒருவருடைய ஒரு பில்லை வைத்துத் தொழிற்பேட்டை முழுவதையும் எடைபோட முடியாது. இதே செய்தியை, முதல் வரியை மட்டும் ஒவ்வொருவருக்கும் உரியதாக மாற்றி, இன்னும் பல யூனிட்டுகளுக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு பேரிடம் பேசினால் போதும்? எண்ணை முன்கூட்டியே வைத்துக்கொள்வதைவிட, வரும் பதில்களைக் கவனிப்பது மேல். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று நான்கு பேர், நாம் எடுத்துக்கொடுக்காமலே, ஸ்டோர்ஸில் பில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னால் அது கவனிக்க வேண்டிய இடம். ஒவ்வொருவரும் வேறு வேறு காரணம் சொன்னால், வேறு வேறு தொழில்களைக் கலந்து கேட்டுக்கொண்டிருக்கிறோமோ என்று பார்க்க வேண்டும். புதிதாகப் பேசுபவர் சொல்லப்போவதை முன்பே ஊகிக்க முடிகிற நிலை வந்ததும் நிறுத்தலாம்.

பதில் தந்தவர்கள் எல்லோரையும் போன்றவர்கள் அல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பில் பணத்தால் அடிபட்டவருக்குத்தான் இந்தச் செய்தியைப் படித்ததும் பேசத் தோன்றும். பணம் நாளுக்குச் சரியாக வருகிறவர் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஆகவே பேசிய எட்டுப் பேரில் ஏழு பேருக்குச் சிக்கல் இருக்கிறது என்பதை, பத்தில் ஒன்பது யூனிட்டுக்குச் சிக்கல் என்று படித்துவிடக் கூடாது.

விலையையும் பத்து நிமிடம் சொல்லாது. மாதம் ஐநூறு ரூபாய் தருவீர்களா என்ற கேள்விக்கு வரும் ‘தரலாமுங்க’ என்பதற்கு எடை கிடையாது. சொல்வதற்கு அவருக்கு எந்தச் செலவும் இல்லை அல்லவா? தனக்குச் செலவாகும் ஒன்றை அவர் தருகிறாரா என்பதுதான் சோதனை. அது இன்னொரு அரைமணி நேரமாக இருக்கலாம். பழைய பில்கள் இருபதை எடுத்துக் காட்டுவதாக இருக்கலாம். தன் பெயரைச் சொல்லி இன்னொருவரிடம் அனுப்பி வைப்பதாக இருக்கலாம். பணம் அதற்கெல்லாம் பிறகு வருவது.

அதனால்தான் கடைசியாக ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. மறுநாளுக்குள் அனுப்ப வேண்டிய நன்றி அது. ‘உங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி’ என்று வெறுமனே எழுதினால், அது முதல் வரைவின் புகழ்ச்சி போலவே யாருக்கும் பொருந்திவிடும். தன் பத்து நிமிடம் எங்கே போனது என்று தந்தவருக்குத் தெரிய வேண்டும்.

“மேடம், நேற்று பேசியதற்கு நன்றி. பணம் வராதவர்களுக்கு வட்டி நோட்டீஸ் அனுப்பும் கருவி செய்வதாகத்தான் இருந்தோம். நீங்கள் பிஓ நம்பர் பற்றிச் சொன்ன பிறகு அதை நிறுத்திவிட்டோம். பில் அனுப்பிய முதல் வாரத்திலேயே ஸ்டோர்ஸில் என்ன நிலை என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று இப்போது பார்க்கிறோம்.”

இதற்கு “நல்ல ஐடியாதாங்க” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்தவரைத் தேடிப் போக வேண்டியதுதான். ஆனால் இப்படியும் ஒரு பதில் வரலாம்: “எங்க அண்ணன் முறையாகறவரு ஒருத்தரு கணபதியில வால்வு யூனிட் வெச்சிருக்காருங்க தம்பி. அவருக்கும் இதே பாடுதான். நான் சொன்னேன்னு சொல்லிப் பேசுங்க. அந்தப் பொங்கல் பில்லையும் எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன், வந்தா பாருங்க.”

அந்தப் பதிலில் பாராட்டு ஒரு சொல்கூட இல்லை. தன் பெயரையும் தன் கணக்குப் புத்தகத்தையும் தந்திருக்கிறார்.